கோடியில் எட்டு: கற்றல் வீதம் பற்றிய ஒரு விளக்கத்தைச் சோதித்தல்



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வாக்கியம். "கற்றல் வீதத்தைப் பெரிதாக வைத்துவிட்டாய், அதனால்தான் கிரேடியன்ட் டிசென்ட் விரிந்து ஓடிவிட்டது." பெங்களூரில் இயந்திரக் கற்றல் சொல்லித்தரும் வகுப்புகளில் இது அடிக்கடி காதில் விழும். திரையில் எண்கள் பெருகி `inf` என்றும் பிறகு `nan` என்றும் மாறும்போது, பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு இதைச் சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். சரி என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "வீதத்தைக் குறைத்துப் பார், சரியாகிவிடும்" என்பார். குறைத்தால் சரியாவது அந்த விளக்கத்துக்குச் சான்று ஆகாது என்பதுதான் என் வாதம். எது சான்று என்பதையும் ஓர் உதாரணத்தை எடுத்துக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

உதாரணத்தை இந்த ஊரிலிருந்தே எடுக்கலாம். காகிள் தளத்தில் பெங்களூர் வீட்டு விலைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. 13,320 வரிசைகள் கொண்ட அதில் இடம், அறைகள், `total_sqft` என்ற பரப்பு, லட்சத்தில் விலை எல்லாம் உண்டு. நேர்கோட்டுப் பொருத்தம் பழகும் மாணவர்கள் பலர் இதை இறக்கிக்கொள்கிறார்கள். அதில் முதல் விபத்து பெரும்பாலும் `total_sqft` பத்தியில்தான் நடக்கும். பரப்பு ஆயிரக்கணக்கில் இருக்கிறது, விலை நூறை ஒட்டி இருக்கிறது, பாடப்புத்தகத்துக் கற்றல் வீதமோ 0.01. ஓட்டினால் சில நொடிகளில் `nan`.

முழுத் தொகுப்பையும் மேடையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது. அதனால் பெங்களூர்வாசிகள் எல்லாருக்கும் தெரிந்த மூன்று சைட் அளவுகளை எடுத்துக்கொள்கிறேன்: 20×30, 30×40, 40×60. சதுர அடியில் 600, 1200, 2400. விலையை நானே வைத்துக்கொள்கிறேன், சதுர அடி பத்தாயிரம் ரூபாய். அதாவது 60, 120, 240 லட்சம். இந்த விலைக்கு இன்று எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்க வேண்டாம்.

நாம் கண்டுபிடிக்க வேண்டியது ஒரே ஓர் எண்: சதுர அடிக்கு எத்தனை லட்சம் என்ற `w`. விடை 0.1 என்று நமக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது. அது 0-இல் தொடங்குகிறது. கணித்த விலைக்கும் உண்மை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, மூன்று மனைகளுக்கும் சராசரி எடுத்து, பாதியாக்குகிறோம். அதுதான் இழப்பு. ஒவ்வொரு படியிலும் இழப்பின் சரிவைக் கணக்கிட்டு, அதைக் கற்றல் வீதத்தால் பெருக்கி, `w`-இலிருந்து கழிக்கிறோம். முழு நிரல் இவ்வளவுதான்:

```python
x = [600, 1200, 2400]
y = [60, 120, 240]
w, eta = 0.0, 0.01
for k in range(5):
    g = sum(a*(w*a - b) for a, b in zip(x, y)) / 3
    w = w - eta*g
    print(k+1, w, w - 0.1)
```

முதல் படியிலேயே `w` 2520 ஆகிவிடுகிறது. சதுர அடி 25 கோடி ரூபாய். எம்.ஜி. ரோட்டில்கூட இந்த விலை கிடையாது. இரண்டாம் படியில் `w` கழித்தல் 6 கோடியே 34 லட்சத்துச் சொச்சம், அதுவும் லட்சத்தில். இழப்பு முப்பத்தைந்தாம் படியில் `inf` ஆகும். எழுபதாம் படியை ஒட்டி `w`-உம் `inf` ஆகி, அடுத்த படியில் முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்க வேண்டி வந்து `nan` ஆகிவிடும்.

இப்போது அந்த விளக்கத்துக்கு வருவோம். அதை வழக்கமாகச் சொல்லும் விதம் இது: "படி பெரிதாக இருப்பதால் பள்ளத்தின் அடியைத் தாண்டி மறுபக்கம் குதித்துவிடுகிறது, அதனால் விரிகிறது." முதல் பாதியில் பிழை இல்லை. 0-இல் இருந்த `w` 0.1-ஐத் தாண்டி 2520-க்குப் போனதை இப்போதுதான் பார்த்தோம். "அதனால்" என்ற சொல்லில்தான் வழுக்கல் இருக்கிறது.

விடையிலிருந்து `w` எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை விலகல் என்போம். தொடக்கத்தில் விலகல் −0.1. நம் கணக்கில் சரிவு என்பது விலகலை ஒரு மாறாத எண்ணால் பெருக்கினால் வருவது. அந்த எண் பரப்புகளின் வர்க்கச் சராசரி. 600-இன் வர்க்கம் 3.6 லட்சம், 1200-இன் வர்க்கம் 14.4 லட்சம், 2400-இன் வர்க்கம் 57.6 லட்சம். கூட்டி மூன்றால் வகுத்தால் 25,20,000. இழப்பின் வளைவு இதுதான். இதை L என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படியிலும் விலகல் (1 − ηL) என்ற காரணியால் பெருக்கப்படுகிறது. η என்பது கற்றல் வீதம். இதற்கு மேல் இந்தக் கணக்கில் மறைந்திருப்பது ஒன்றும் இல்லை.

வீதம் கோடியில் 3 என்று வைத்துப் பாருங்கள். காரணி 1 − 0.756, அதாவது 0.244. விலகல் குறி மாறாமல் கால்வாசியாகச் சுருங்குகிறது. குதித்தல் இல்லை. அடுத்து கோடியில் 6 வைக்கலாம். காரணி −0.512. ஒவ்வொரு படியிலும் `w` விடையைத் தாண்டி மறுபக்கம் குதிக்கிறது, ஒவ்வொரு குதிப்பிலும் விலகல் பாதியாகிறது. பத்துப் படிகளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் மிஞ்சும். எல்லாப் படியிலும் தாண்டிக் குதித்தும் குவிந்துவிட்டது. தாண்டுவதுதான் விரிவதற்குக் காரணம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

விரிதலின் எல்லை தாண்டுவதில் இல்லை, எவ்வளவு தாண்டுகிறது என்பதில் இருக்கிறது. இந்தப் பக்கம் இருந்த தூரத்தைவிட அந்தப் பக்கம் அதிக தூரத்தில் போய் விழுந்தால்தான் விரியும். அதாவது காரணி −1-க்குக் கீழே போக வேண்டும், அதாவது η, 2/L-ஐத் தாண்ட வேண்டும். நம் மூன்று மனைகளுக்கு 2/L என்பது கோடியில் 7.9365. எட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.

இப்படி ஓர் எண் கிடைத்துவிட்டதால் விளக்கம் சோதிக்கத்தக்கதாகிறது. கோடியில் 7.9 வைத்தால் குவிய வேண்டும், கோடியில் 8 வைத்தால் விரிய வேண்டும். இரண்டும் நடக்கின்றன. 7.9-இல் காரணி −0.9908, விலகல் குறி மாறி மாறி மெல்லக் கரைகிறது. 8-இல் காரணி −1.016, விலகல் 44 படிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. ஒருவர் இந்த இரண்டையும் சில படி மட்டும் ஓட்டி வரைபடம் போட்டால், இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபாட்டைப் பார்க்க நூறு, இருநூறு படி ஓட்ட வேண்டும். எல்லைக்கு அருகில் விரிதல் வெடிப்பாக வருவதில்லை, சீட்டுக் கடன் வட்டி போல ஏறுகிறது.

0.01 என்ற வீதத்துக்குத் திரும்புவோம். அங்கே காரணி 1 − 25,200, அதாவது −25,199. தொடக்க விலகல் −0.1. முதல் படிக்குப் பின் விலகல் 2519.9. ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள், சரியாக −25,199. அடுத்த படியிலும் அதே விகிதம். இதைத் திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம். ஒன்றிலிருந்து விகிதத்தைக் கழித்து, வீதத்தால் வகுத்தால் 25,200 ÷ 0.01 = 25,20,000. விரிந்து ஓடும் ஓட்டமே வளைவு எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகிறது. தரவிலிருந்து வர்க்கச் சராசரியைத் தனியாகக் கணக்கிட்டாலும் அதே 25,20,000. தொடர்பில்லாத இரண்டு வழிகளில் ஒரே எண் வந்தால்தான் விளக்கம் இந்த ஓட்டத்துக்குப் பொருந்துகிறது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

நடைமுறையில் விடை தெரியாதே, விலகலை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். விலகல் வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு படிகளில் `w` எவ்வளவு நகர்ந்தது என்ற இரண்டு நகர்வுகளின் விகிதமே போதும், அதுவும் அதே காரணிதான். அளவுருக்கள் பல இருந்தால் நகர்வுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டும். முதல் சில படிகளில் விகிதம் தடுமாறினாலும், வளைவு மிக அதிகமான திசை மற்றத் திசைகளை அமுக்கிவிட்டு மேலே வந்ததும் ஒரே எண்ணில் நிலைத்துவிடும்.

அடுத்து, "குறைத்தேன், சரியாகிவிட்டது" என்பது ஏன் சான்று ஆகாது என்று பார்ப்போம். மேலே உள்ள நிரலில் `w - eta*g` என்ற இடத்தில் கைதவறி `w + eta*g` என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நிரல் பள்ளத்தை நோக்கி இறங்காமல் மேட்டில் ஏறுகிறது. காரணி 1 + ηL, எந்த வீதம் வைத்தாலும் ஒன்றுக்கு மேல், எனவே எப்போதும் விரியும். 0.01 வைத்தால் காரணி 25,201. திரையில் தெரியும் சீர்குலைவு பழைய சீர்குலைவு போலவே இருக்கும், அதே வேகத்தில் `inf` வரும். பக்கத்தில் இருப்பவர் வீதத்தைக் குறைக்கச் சொல்வார். கோடியில் 0.1-க்குக் குறைத்தால் காரணி 1.0252. நூறு படிகளில் விலகல் பன்னிரண்டு மடங்காகும், கெட்டது இன்னும் தெரிகிறது. கோடியில் 0.001-க்குக் குறைத்தால் நூறு படிகளில் விலகல் இரண்டரை சதவீதம்தான் கூடும். வரைபடத்தில் கோடு தட்டையாகக் கிடக்கும். "அப்பாடா, விரிவது நின்றுவிட்டது, இனி மெதுவாகக் கற்கும்" என்று ஆள் டீ குடிக்கப் போய்விடுவார்.

வீதத்தைக் குறைப்பது எந்தக் கோளாறின் வேகத்தையும் குறைத்துவிடும் என்பதுதான் இங்கே சிக்கல். வேகம் குறைந்ததைக் கோளாறு நீங்கியதாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் விகிதத்தைப் பார்த்தவர் ஏமாறமாட்டார். வீதம் பெரிதானதால் வரும் விரிதலில் நகர்வுகள் குறி மாறி மாறி வரும், ஒருமுறை வலது, ஒருமுறை இடது. குறிப் பிழையில் எல்லா நகர்வும் ஒரே பக்கம். அந்த விகிதத்திலிருந்து வளைவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் கழித்தல் 25,20,000 வரும். நேர்கோட்டுப் பொருத்தத்தின் வர்க்க இழப்புக்கு வளைவு எதிர்மறையாக இருக்கவே முடியாது. அந்தக் கழித்தல் குறியைப் பார்த்ததும் நிரலைத்தான் திறந்து பார்க்க வேண்டும், வீதத்தை அல்ல.

இன்னொரு வகை `nan` உண்டு, அதற்கும் இந்த வியாதிக்கும் உறவே இல்லை. பெங்களூர்த் தொகுப்பில் `bath`, `balcony` பத்திகளில் காலியிடங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்பாமல் விட்டால் முதல் படியிலேயே `nan` வரும். பெருக்கம் இல்லை, ஊசல் இல்லை, நேராக `nan`. இதற்கும் வீதத்தைக் குறைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இனி, "பெரிது" என்றால் எதைவிடப் பெரிது? 0.01 என்ற எண் தன்னளவில் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. 2/L-உடன் ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள். அந்த L தரவிலிருந்து வருகிறது, தரவு மாறினால் எல்லையும் மாறும்.

இது எவ்வளவு மாறும் என்பதை அந்தத் தொகுப்பே காட்டும். `total_sqft` என்று பெயர் இருந்தாலும் அந்தப் பத்தியில் எல்லாம் சதுர அடி இல்லை. சில இடங்களில் "2100 - 2850" என்று இடைவெளி, சில இடங்களில் சதுர மீட்டர், ஏக்கர், குண்டே, சென்ட், நம் சென்னைக்காரர்களின் கிரவுண்டுகூட உண்டு. ஒருவர் பொறுப்பாக இதையெல்லாம் சதுர அடிக்கு மாற்றுகிறார். நம் மூன்று மனைகளோடு ஓர் ஏக்கர் நிலம் நான்காவதாக வந்து சேர்கிறது என்று கொள்வோம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதன் வர்க்கம் 189 கோடியைத் தாண்டும். நான்குக்கும் வர்க்கச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 47.6 கோடி. வளைவு ஒரே வரிசையால் 189 மடங்கு ஏறிவிட்டது. எல்லை கோடியில் 7.94-இலிருந்து கோடியில் 0.042-க்கு இறங்கிவிட்டது. நேற்று வரை கோடியில் 7 என்ற வீதத்தில் ஒழுங்காகக் குவிந்துகொண்டிருந்த நிரல், இன்று ஒரு வரிசை சேர்ந்ததும் ஒவ்வொரு படிக்கும் 332 மடங்காக விரிகிறது. வீதத்தை யாரும் தொடவில்லை. "கற்றல் வீதம் பெரிது" என்று இப்போது சொன்னால் அது கணக்கின்படி உண்மைதான். ஆனால் காரணத்தைத் தேடுகிறவருக்கு அது உதவாது. மூன்று சைட்டுகளுக்கு நடுவே ஒரு தோட்டத்தையே வைத்துக்கொண்டு ஒரே நேர்கோடு போடலாமா என்பதுதான் அவர் கேட்க வேண்டிய கேள்வி.

தரவு மாறாமலும் எல்லை மாறும். இழப்பை எப்படி எழுதினோம் என்பதும் L-ஐத் தீர்மானிக்கிறது. நான் பாதியாக்கிய சராசரியை எடுத்தேன். பைடார்ச்சின் `MSELoss` பாதியாக்குவதில்லை, வெறும் சராசரிதான். அதில் வளைவு இரட்டிப்பு, எல்லை பாதி. இந்தப் பாதியைக் கவனிக்காமல் என் கணக்கை அங்கே கொண்டுபோய்ச் சோதித்தால் கோடியில் 4-லேயே விரியும். விளக்கமே தவறு என்று முடிவு கட்டத் தோன்றும். சராசரிக்குப் பதில் கூட்டுத்தொகை என்று வைத்துவிட்டால் இன்னும் மோசம். 13,320 வரிசைகளுக்கு எல்லை 13,320 மடங்கு சுருங்கிவிடும். ஒரு நூலில் படித்த வீதத்தை இன்னொரு நிரலில் அப்படியே வைப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

இதுவரை `w` ஒன்றே ஒன்று. அடிப்படை விலை ஒன்றையும் சேர்த்து, விலை = w × பரப்பு + b என்று எழுதினால் அளவுரு இரண்டாகிறது. பள்ளம் இப்போது இரண்டு திசைகளில் வளைகிறது, இரண்டு வளைவும் ஒன்றல்ல. நம் மூன்று மனைகளுக்குக் கணக்கிட்டால் ஒரு திசையில் வளைவு 25,20,001, மற்றத் திசையில் 0.22. விரிதலின் எல்லையைப் பெரிய வளைவு தீர்மானிக்கிறது, எனவே எல்லை அதே கோடியில் 7.94-தான். கோடியில் 7 வைத்தால் விரியாது. ஆனால் சிறிய வளைவுத் திசையில் ஒரு படிக்குக் குறையும் விலகல் கோடியில் 1.6 பங்குதான். அந்தத் திசையில் விலகல் பாதியாக 44 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் வேண்டும்.

வீதத்தைக் குறைக்கச் சொன்னவர் மாணவரை விரிதலிலிருந்து காப்பாற்றி, நகராத நிலையில் விட்டுவிட்டார். இழப்பு முதல் சில படிகளில் மளமளவென்று இறங்கி, பிறகு அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துப் பலர் கற்றல் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். `b` இன்னும் தொடங்கிய இடத்தில்தான் இருக்கிறது. இங்கே பரப்பிலிருந்து சராசரி 1400-ஐக் கழித்து, திட்ட விலக்கம் 748-ஆல் வகுத்துவிட்டால் இரண்டு திசைகளிலும் வளைவு 1 ஆகிவிடும். எல்லை 2-க்கு ஏறும். அப்போது அதே பழைய 0.01 பெரிதாக இருப்பதற்குப் பதில் கொஞ்சம் சோம்பலான வீதமாகிவிடுகிறது. வீதம் 1 என்று வைத்தால் ஒரே படியில் விடை. தரவை அளவுபடுத்துவது சடங்கு என்று நினைத்துச் செய்பவர்களுக்கு, அது இந்த இரண்டு வளைவுகளையும் சமன் செய்கிற காரியம் என்று சொல்லிக்கொடுத்தால் நல்லது.

எல்லா வரிசைகளையும் ஒவ்வொரு படியிலும் பயன்படுத்துகிறோம் என்பது இந்தக் கணக்கின் அடியில் இருக்கும் அனுமானம். தொழிலில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, ஒவ்வொரு படிக்கும் சில வரிசைகளை மட்டும் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அப்போது எல்லை எங்கே போகிறது என்ற கேள்விக்கு இந்த ஊரிலிருந்தே பதில் வந்திருக்கிறது. பெங்களூர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் அப்போது இருந்த பிரதீக் ஜெயின், பிரணீத் நேத்ரபள்ளி ஆகியோர் ஷாம் கக்காடே, ராகுல் கிடாம்பி, ஆரன் சிட்ஃபோர்டு ஆகியோருடன் எழுதி 2018-இல் வெளியான கட்டுரை, நேர்கோட்டுப் பொருத்தத்துக்கு இதைத் துல்லியமாக ஆராய்ந்தது. ஒரு படிக்கு ஒரே வரிசை எடுத்தால் தாங்கும் வீதம் மிகச் சிறியது. தொகுதி பெரிதாகப் பெரிதாகத் தாங்கும் வீதம் ஏறி, ஓர் அளவுக்கு மேல் முழுத் தரவின் எல்லையை ஒட்டி நின்றுவிடும். எனவே, "வீதம் பெரிது" என்பதோடு "எந்தத் தொகுதி அளவுக்கு" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மூன்று மனைகளில் 40×60 மட்டும் ஒரு படிக்கு வந்தால் அந்தப் படியில் வளைவு 57.6 லட்சம், கோடியில் 7 என்ற வீதத்தில் காரணி −3.03. அந்தப் படியில் விலகல் மும்மடங்காகும். முழுத் தரவுக்குக் கணக்கிட்ட எல்லை அந்த ஒரு படியைக் கட்டுப்படுத்தாது.

கடைசியாக, விளக்கம் உடைகிற இடம். இதுவரை L மாறாத எண்ணாக இருந்தது. நரம்பு வலையமைப்புகளில் அப்படி இல்லை, அளவுருக்கள் நகர நகர வளைவும் மாறும். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கும் அளவுக்குச் சிறிய வடிவம் ஒன்று உண்டு. ஒரே `w`-க்குப் பதில் இரண்டு எண்களின் பெருக்கற்பலனை வைத்துக்கொள்வோம். u × v என்பது 1 ஆக வேண்டும். இழப்பு (uv − 1)²-இன் பாதி. விடை ஒன்றல்ல, பெருக்கினால் 1 வரும் எந்த ஜோடியும் விடைதான். விடைக்கு அருகில் வளைவு u² + v². 4-உம் 0.25-உம் ஒரு விடை, அங்கே வளைவு 16. 1-உம் 1-உம் இன்னொரு விடை, அங்கே வளைவு 2.

u = 4, v = 0.3 என்று தொடங்கி, வீதம் 0.2 வைப்போம். இங்கே வளைவு ஏறக்குறைய 16.1. எல்லை 2/16.1, அதாவது 0.124. நாம் வைத்தது அதைவிடப் பெரிது. விளக்கத்தின்படி விரிய வேண்டும். காரணி −2.2 என்று கணிப்பு. முதல் படிகளில் கணிப்பு அப்படியே நடக்கிறது: uv − 1 என்ற விலகல் 0.2, −0.44, 0.97, −2.11 என்று குறி மாறி இரட்டிப்புக்கு மேல் வளர்கிறது. இழப்பு 0.02-இல் தொடங்கி 0.098, 0.47, 2.2, 8.6 என்று ஏறி, ஐந்தாம் படியில் 16.4-ஐத் தொடுகிறது. எண்ணூறு மடங்கு. இந்த இடத்தில் எந்தப் பொறுப்பான பொறியாளரும் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்.

நிறுத்தாமல் விட்டால் ஆறாம் படியில் இழப்பு 0.027. ஏழாம் படியில் 0.0098. அதன்பின் ஏறவே இல்லை, சுமார் 0.75-உம் 1.33-உம் என்ற விடையில் போய் அமர்கிறது. அங்கே வளைவு 2.3. நடந்தது இதுதான்: ஊசலாட்டம் வளர வளர u வேகமாகச் சுருங்கியது, 4-இலிருந்து 3.8, 2.65, 0.61 என்று இறங்கியது. அதோடு வளைவும் இறங்கியது. 2/0.2 = 10 என்ற கோட்டுக்குக் கீழே வளைவு வந்ததும் விரிதல் நின்று குவிதல் தொடங்கியது. கூர்மையான விடைக்கருகில் தங்க முடியாத வீதம், அகலமான விடையை நோக்கி எண்களை வீசியெறிந்துவிட்டது. லெவ்கோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் இதை விவரித்தபோது, கற்களை வீசும் பழைய போர்ப்பொறியான கவண்பொறியின் பெயரையே வைத்தார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. அவர்கள் ஆராய்ந்த எளிய மாதிரியில் வீதம் 2/வளைவு முதல் ஏறக்குறைய 4/வளைவு வரை இருந்தால்தான் இந்த மீட்சி. நம் உதாரணத்தில் 4/16.1 என்பது சுமார் 0.25. அதைத் தாண்டி வீதம் 0.3 வைத்து அதே இடத்தில் தொடங்கினால், விலகல் 0.2, −0.76, 2.9, −8.8, −20.9 என்று போய் ஐந்தாம் படியில் −518. இழப்பு 1.3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அது திரும்பி வராது. 0.2 வைத்தபோதும் 0.3 வைத்தபோதும் முதல் மூன்று படிகளைப் பார்த்து எது தப்பும், எது தப்பாது என்று இழப்பின் வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விகிதத்தைப் பார்த்தால் வளைவு மாறுகிறது என்ற துப்பு மட்டும் கிடைக்கும்: 0.2-இல் விகிதம் −2.21, −2.19, −2.17, −1.97, −1.38 என்று முதலிலிருந்தே மெலிந்துகொண்டு வருகிறது. மாறாத வளைவில் அது அசையாமல் நின்றிருக்கும்.

பெரிய வலையமைப்புகளில் இது ஒருமுறை நடந்து முடிவதில்லை. ஜெரமி கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், முழுத் தரவோடு கிரேடியன்ட் டிசென்ட் ஓட்டி, பயிற்சி நெடுக மிகப் பெரிய வளைவை அளந்துகொண்டே போனார்கள். வளைவு மெல்ல ஏறி 2/η-ஐ எட்டியது, அதற்குச் சற்று மேலேயே மிதந்துகொண்டிருந்தது. இழப்பு சில படிகளில் ஏறியது, சில படிகளில் இறங்கியது, நீண்ட ஓட்டத்தில் இறங்கிக்கொண்டே போனது. நம் மூன்று மனைகளின் கணக்கில் இந்த இடத்தில் விரிதல் தொடங்கியிருக்கும். இங்கே வளைவே வீதத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வீதத்தைப் பாதியாக்கி ஓட்டினால் வளைவு இரண்டு மடங்கு உயரத்துக்கு ஏறி அங்கே போய் நிற்கும்.

அந்த அளவீட்டுக்கு முழு இரண்டாம் வகைக்கெழு அணியை எழுதிப்பார்க்கத் தேவையில்லை. பெரிய வலையமைப்புக்கு எழுதினால் எந்தக் கணினியிலும் அடங்காது. ஒரு திசையை எடுத்து, அந்தத் திசையில் சரிவு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, மாற்றம் வந்த திசையையே மறுபடி எடுத்து, இப்படிச் சில பத்துத் தடவை செய்தால் மிகப் பெரிய வளைவு கிடைத்துவிடும். செலவு சில பத்துச் சரிவுக் கணக்குகள்தான். ஆனால் கோஹன் குழுவின் முடிவு முழுத் தரவோடு ஓட்டும்போது கிடைத்தது. சிறு தொகுதிகளோடு ஓட்டும்போது வளைவு 2/η வரைகூட ஏறாமல் கீழேயே நின்றுவிடுவதுண்டு. எனவே சிறு தொகுதி ஓட்டம் ஒன்று விரியும்போது அளந்த வளைவு 2/η-க்குக் கீழே இருந்தால், அதை மட்டும் வைத்து வீதத்தை விடுவித்துவிடவும் முடியாது. அங்கே அந்தப் படியில் வந்த தொகுதியின் வளைவைத் தனியாக அளக்க வேண்டும். நம் 40×60 மனை அந்தப் படியில் வந்திருந்தது போல.